இசிஜி தாளில் 465 என்று அச்சாகியிருந்தது

வழக்கமான பரிசோதனைக்குத்தான் போயிருந்தேன். இசிஜி எடுத்து, தாளைக் கையில் கொடுத்து, "டாக்டர் வர ஒரு மணி நேரம் ஆகும், உட்காருங்க" என்றார்கள். அந்த ஒரு மணி நேரமும் மடித்த தாளைப் பிரிக்காமல் இருக்க நான் முனிவன் இல்லை. பிரித்தேன். மேலே இரண்டு வரிகள்: Prolonged QT. அதன் கீழே Septal infarct, age undetermined. இன்னும் கீழே, பொடி எழுத்தில், Unconfirmed.

இன்ஃபார்க்ட் என்றால் ரத்தம் கிடைக்காமல் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போவது. அதாவது மாரடைப்பு. எனக்கே தெரியாமல் எப்போது வந்தது? "ஏஜ்" என்பதை முதலில் என் வயது என்றே நினைத்தேன், பதிய மறந்துவிட்டார்கள் போல என்று. அது என் வயது இல்லை, அந்தத் தழும்பின் வயது. எப்போது ஏற்பட்டது என்று சொல்ல முடியவில்லை என்கிறது இயந்திரம்.

டாக்டரைப் பார்க்கும் முன் இதையெல்லாம் படிக்கவே கூடாது என்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. படிக்கலாம், ஆனால் எண்களை முதலில், வாக்கியங்களைக் கடைசியில். வாக்கியம் என்பது அந்த எண்களையும் அலை வடிவங்களையும் வைத்து ஒரு மென்பொருள் எடுத்த முடிவு. எதையும் தவறவிட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் அது கொஞ்சம் கூடுதலாகவே பேசும். (ஒன்று மட்டும்: நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் இருந்தால் தாளைப் படித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே அங்கிருப்பவர்களிடம் சொல்லுங்கள். தாளில் "நார்மல்" என்று இருந்தாலும் சொல்லுங்கள்.)

என் தாளில் துடிப்பு 100, QT 360, QTc 465. QT என்பது இதயத்தின் கீழறைகள் மின்சாரம் பாய்ந்து சுருங்கத் தொடங்கியதிலிருந்து மறுபடி தயாராகும் வரை ஆகும் நேரம். இதைக் கண்ணாலேயே சரிபார்க்கலாம். தாளின் அடியில் 25 mm/s என்று இருந்தால் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்ட். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது கட்டம். 360 சரிதான்.

அப்படியானால் 465 எங்கிருந்து வந்தது? இதயம் வேகமாக அடித்தால் QT தானாகவே சுருங்கும். அதனால் நிமிடத்துக்கு 60 துடிப்பு இருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுத் திருத்துகிறார்கள். அந்தத் திருத்தம்தான் QTc-யின் c. பெரும்பாலான இயந்திரங்கள் போடுவது 1920-இல் பாசெட் தந்த சூத்திரம்: QTc = QT ÷ √RR. RR என்பது இரண்டு துடிப்புக்கு இடைப்பட்ட நேரம், செகண்டில். எனக்கு 60 ÷ 100, அதாவது 0.6. அதன் வர்க்கமூலம் 0.775. 360-ஐ அதால் வகுத்தால் 465. ஆண்களுக்கு 450, பெண்களுக்கு 460 தாண்டினால் நீளம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். அதனால் இயந்திரம் அந்த வரியை அச்சடித்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால், துடிப்பு வேகமாக இருக்கும்போது பாசெட் சூத்திரம் தேவைக்கு மேல் திருத்திவிடும். அதே 1920-இல் ஃப்ரிடெரிசியா தந்த சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குப் பதில் கனமூலம். அதில் போட்டால் அதே 360-க்கு 427 வருகிறது. ஒரே இதயம், ஒரே தாள், 38 மில்லிசெகண்ட் வித்தியாசம்! இதற்காக QTc-யை அலட்சியம் செய்யலாம் என்று சொல்ல வரவில்லை. 500-ஐத் தாண்டியிருந்தால் எந்தச் சூத்திரம் என்று ஆராயாமல் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். நெடிய QT சிலருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறில் கொண்டுபோய் விடும்.

அப்புறம் டாக்டர் வந்தார். இயந்திரத்தின் வாக்கியத்தை அவர் கண்டுகொள்ளவே இல்லை. கேட்டதெல்லாம் இதுதான்: "படியேறி வந்ததும் எடுத்தாங்களா? இந்த வாரம் என்ன மாத்திரை சாப்பிட்டீங்க? எப்பவாவது மயங்கி விழுந்திருக்கீங்களா? வீட்டில் யாராவது சின்ன வயசில் திடீர்னு இறந்திருக்காங்களா?" படியேறித்தான் வந்திருந்தேன். இருமலுக்கு அசித்ரோமைசினும் சாப்பிட்டிருந்தேன். அது QT-யை நீட்டக்கூடிய மருந்துகளில் ஒன்று. அவர் கேட்கும்வரை அதைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. காத்திருந்த ஒரு மணி நேரத்தில் மாத்திரைப் பட்டியலை எழுதியிருந்தால் இன்னும் உருப்படியாக இருந்திருக்கும்.

அரை மணி நேரம் படுக்கவைத்து மறுபடி எடுக்கச் சொன்னார். இந்த முறை டெக்னீஷியன் நெஞ்செலும்பின் ஓரமாக விலா இடைவெளிகளை விரலால் எண்ணி, நான்காவதில் V1, V2 என்ற இரண்டு மின்முனைகளையும் ஒட்டினார். முதலில் எண்ணாமலேயே மேலே ஒட்டியிருந்தார்கள். ஓர் இடைவெளி மேலே போனாலே அந்த இரண்டிலும் மேல்நோக்கி எழும் R அலை சிறுத்துவிடும், இயந்திரம் பழைய மாரடைப்பு என்று சந்தேகப்படும். உண்மையான தழும்பும் இதே மாதிரிதான் தெரியும் என்பதால், இதை நாமே முடிவு செய்யவும் முடியாது.

இரண்டாவது தாளில் துடிப்பு 72, QT 388, QTc 425. இன்ஃபார்க்ட் வரி இல்லை. டாக்டர் முதல் தாளின் அந்த வரியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று இரண்டையும் ஃபைலில் வைக்கச் சொன்னார். வெப்பத்தாளில் எழுத்து மங்கிவிடும் என்பதால் ஜெராக்ஸும் எடுத்து வைத்திருக்கிறேன்.