'இம்பாக்ட்' என்றால் தமிழில் என்ன?

மூன்று நாளாக அந்த மெயிலின் ஸ்கிரீன்ஷாட் வராத குரூப்பே இல்லை. ஒரு கம்பெனி தன் ஆட்களுக்கு ஆள்குறைப்பைச் சொல்லி அனுப்பிய மெயில், கம்பெனிப் பேரை நான் சொல்லப்போவதில்லை. என் எரிச்சல் மெயிலின் மேல் மட்டும் இல்லை. அதற்குக் கீழே வந்து "வேலையே போச்சு, இதுல வார்த்தை எப்படி இருந்தா என்ன" என்று தத்துவம் பேசினார்களே, அவர்கள் மேலும்தான்.

எப்படி இருந்தால் என்னவா? அந்த மெயிலில் எட்டுப் பத்தி. முதலில் நிறுவனம் கடந்து வந்த பாதை. அப்புறம் சந்தை நிலவரம். அப்புறம் 'எதிர்காலத்துக்குத் தயாரான அமைப்பு'. ஆறாவது பத்தியில்தான் விஷயம், அதுவும் எண்ணாக இல்லை, 'சில பொறுப்புகள்' என்று. எந்தத் தேதி? இல்லை. அதில் நான் இருக்கிறேனா என்று எனக்கு எப்போது தெரியும்? அதுவும் இல்லை. எழுதியவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. மேலிடம் கொடுத்த டெக்கை, அதாவது ஸ்லைடுத் தொகுப்பை, பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்லைடு ஸ்லைடாக வாக்கியமாக்கியிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் ஒரு தடவை அதையேதான் செய்தேன்.

டெக் என்பது போர்டுக்கு எழுதுவது. பணம் போட்டவர் கேட்கிற வரிசையில் இருக்கும்: ஏன் செய்கிறோம், எவ்வளவு மிச்சம், என்ன சிக்கல் வரும், கடைசியில் ஆட்கள். வேலை பார்க்கிறவர் கேட்பது நேர் தலைகீழ்: எனக்கு வேலை இருக்கா, எப்போது வரை, கையில் என்ன வரும், அப்புறம்தான் ஏன். டெக்கின் வரிசையிலேயே மெயிலை எழுதினால் ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தும் மொத்தமும் பொய் மாதிரி ஆகிவிடும்.

என் கதைக்கு வருகிறேன். மதுரைப் பக்கம் ஒரு அலுவலகம், 186 பேர். நான் எச்.ஆரில். டெக் பதினான்கு ஸ்லைடு. ஒன்பதாவதில், கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் '186 → 122' என்று இருந்தது. வித்தியாசம் 64. ஆனால் அது ஒரே 64 இல்லை. 41 பேருக்கு வேலை போகிறது. 23 பேரைச் சென்னைக்கு வரச் சொல்கிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்து 'மறுசீரமைப்பு' என்று ஒரே சொல்லில் கட்டினால் 186 பேருக்கும் அன்று ராத்திரி தூக்கம் இல்லை. நான் அப்படித்தான் கட்டினேன்.

அதைவிட மோசமான ஒன்று அடுத்த ஸ்லைடில் இருந்தது. 'இடமாற்ற ஏற்பு 60 சதவீதம்' என்று ஒரு அனுமானம். அதாவது 23 பேரில் ஒன்பது பேர் போக மாட்டார்கள் என்று முதலிலேயே கணக்குப் போட்டு, அந்த ஒன்பது சம்பளத்தையும் மிச்சத்தில் சேர்த்திருந்தார்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர், படுத்த படுக்கையாக மாமனார் இருப்பவர், இவர்கள் எப்படிப் போவார்கள்? போகாவிட்டால் அது ராஜினாமாவா, இல்லை 41 பேருக்குக் கொடுக்கிற அதே செட்டில்மெண்டா? டெக்கில் பதில் இல்லை. மெயில் எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேலே போய்க் கேட்க வேண்டிய இடம் இதுதான். நான் கேட்கவில்லை. 'உற்சாகமான புதிய வாய்ப்பு' என்று எழுதினேன். சிரிக்காதீர்கள்.

எப்படி எழுதியிருக்கணும்? இப்படி:

"வரும் 30ஆம் தேதியோடு மதுரை அலுவலகத்தில் 41 பேரின் வேலை முடிகிறது. பில்லிங், டேட்டா என்ட்ரி ஆகிய இரண்டு டீம்களில். அந்த 41 பேரிடமும் இன்று காலையே தனித்தனியாகப் பேசிவிட்டோம். 23 பேரைச் சென்னைக்கு மாறக் கேட்டிருக்கிறோம். முடியாது என்பவர்களுக்கும் அதே செட்டில்மெண்ட் உண்டு. மற்ற 122 பேரின் வேலையில் இப்போது மாற்றம் இல்லை."

அவ்வளவுதான். காரணம் இதற்குக் கீழே வரட்டும். 'இப்போது' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'இனி ஆள் குறைப்பே கிடையாது' என்று எழுத எல்லாருக்கும் கை துறுதுறுக்கும், ஆறுதலாக இருக்குமே என்று. அடுத்த காலாண்டில் இன்னொரு டெக் வந்தால் அந்த ஒரு வரிக்காகவே அதற்கப்புறம் நீங்கள் எழுதும் எதையும் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். 'காலையே பேசிவிட்டோம்' என்பதும் முக்கியம். அதை உண்மையாக்கிவிட்டுத்தான் மெயிலை அனுப்பணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அனுப்பிவிட்டு எச்.ஆர். போனை ஆஃப் செய்வதற்குப் பேர் பரிவு இல்லை.

"லீகல் விடாதும்மா" என்பீர்கள். லீகலோடு உட்கார்ந்து எழுதியவள் நான். அவர்கள் அடித்தது 'உங்கள் உழைப்பில் குறை இல்லை' என்கிற மாதிரி வரிகளைத்தான். எண்ணையும் தேதியையும் அவர்கள் அடிக்கவில்லை, நாங்கள்தான் பயந்து எடுத்தோம். "கிளையண்ட் காதுக்குப் போயிடும்" என்பீர்கள். இது ஓரளவு நியாயம். ஆனால் உங்கள் மழுப்பல் மெயிலும்தான் போயிருக்கிறது, ஊர் முழுக்க.

என் அப்பா மில் தொழிலாளி. ஒருநாள் கேட் பலகையில் நாலு வரி நோட்டீஸ் ஒட்டினார்கள். இன்ன டிபார்ட்மெண்ட், இன்ன ஷிப்ட், ஒன்றாம் தேதி முதல் ஓடாது, கணக்கு முடிக்க ஆபீசுக்கு வரவும். மரியாதை, பரிவு ஒன்றும் கிடையாது, அதைப் புகழவும் மாட்டேன். ஆனால் அப்பா அதை ஒரே தடவைதான் படித்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஒண்ணாந்தேதியோட முடிஞ்சது, பாத்துக்கலாம்" என்றார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு ரசத்தில் உப்பில்லை என்று சண்டை போட்டார். என்ன நடக்கிறது என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது.

நான் எழுதிய மெயிலில் 'உங்கள் ரோல் இம்பாக்ட் ஆகிறது' என்று ஒரு வரி. டீம் லீட் அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் பாவம், "உங்க ரோல்ல கொஞ்சம் மாற்றம் வருதுப்பா" என்றிருக்கிறார். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருத்தன், சேர்ந்து நாலு வருஷம் மூணு மாசம். அங்கேயே வீட்டுக்குப் போன் போட்டு, "அம்மா, டீம் மாத்துறாங்களாம், சம்பளம் கூடுனாலும் கூடும்" என்று சொல்லியிருக்கிறான். நான் டீ எடுக்கப் போகும்போது காதில் விழுந்தது. நாலு வருஷம் மூணு மாசம் என்று ஏன் சொல்கிறேன் என்று வேலை பார்க்கிறவர்களுக்குப் புரியும். வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி ஐந்து வருஷக் கணக்கு. சில மாசம் தள்ளிக் கொடுங்கள் என்று கேட்க அவனுக்குத் தன் கடைசித் தேதி தெரிந்திருக்கணும். மெயிலில் தேதி இருந்ததா? இல்லை.

"நீயும் அந்த எச்.ஆர். தானே, இப்ப என்ன நியாயம் பேசுற" என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருக்கிறார். ஆமாம் தம்பி. அதனால்தான் பேசுகிறேன். வெளியில் இருந்து திட்டுகிற உங்களுக்கு அது ஸ்கிரீன்ஷாட். நான் அந்தப் பையனை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, 'இம்பாக்ட்' என்றால் என்ன என்று தமிழில் சொன்னவள். தமிழில் அதற்குச் சுத்தி வளைக்க வழியே இல்லை. வேலை இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

அவன் அழவில்லை. கொஞ்ச நேரம் டேபிளைப் பார்த்துவிட்டு, "அக்கா, அந்த மெயில நீங்களா எழுதுனீங்க?" என்று கேட்டான்.

"டீமா சேந்து எழுதுனதுப்பா" என்றேன்.