13-17 வயது வைத்தால் விருப்பம் எடுபடாது

ட்யூஷன் வகுப்புக்குப் பேஸ்புக்கில் விளம்பரம் போட ஒருவர் சொன்ன யோசனை: "வயது 13-17, விருப்பம் கணிதம், 3 கி.மீ. வட்டம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் விளம்பரம் போகும்."

போகாது. 2023 பிப்ரவரியிலிருந்து பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு வயதும் இடமும் மட்டுமே வைத்து விளம்பரம் காட்ட முடியும்; எதில் ஆர்வம் என்ற விருப்பத்தை வைத்து முடியாது. தன் ஜிம் விளம்பரத்துக்கு விருப்பம் வைத்தது வேலை செய்தது என்று இன்னொருவர் சொல்கிறார். சரிதான், அவர் குறிவைத்தது பெரியவர்களை.

ட்யூஷனுக்கும் பெரியவர்களைத்தான் பிடிக்க வேண்டும், ஃபீஸ் கட்டுவது அவர்கள்தானே! 35-50 வையுங்கள். ஆனால் யாருக்குக் காட்டுவது என்பதை மெட்டாவே தேர்ந்தெடுக்கும் Advantage+ audience போட்டிருந்தால் அந்த வயதும் விருப்பமும் வெறும் பரிந்துரை. விளம்பரம் அதைத் தாண்டியும் போகும். இடம்தான் உறுதியான வேலி.

அதை ஊர்ப் பெயரில் போடாதீர்கள், வட்டம் 17 கி.மீ.க்குக் கீழே இறங்காது. Drop Pin வைத்துச் சுருக்குங்கள். அப்புறம் வரைபடத்தைப் பாருங்கள். மதுரை அண்ணாநகரில் வகுப்பு என்றால் 3 கி.மீ. வட்டம் வைகையைத் தாண்டித் தெப்பக்குளம் பக்கம் போய்விடும். மாலை நெரிசலில் பாலம் கடந்து பிள்ளையை யார் அனுப்புவார்கள்? பின்னை வடக்கே கொஞ்சம் நகர்த்துங்கள்.

இவ்வளவு சின்ன வட்டத்தில் பெற்றோருக்கு விருப்பம் சேர்ப்பதா வேண்டாமா என்பது ஊருக்கு ஊர் மாறும். சேர்த்தும் சேர்க்காமலும் ஓட்டி, எதில் வகுப்பு பற்றி விசாரித்து அழைப்பு வருகிறது என்று பாருங்கள்.