எந்த அறக்கோட்பாடு சரி என்று தெரியாத டாக்டர் என்ன செய்வார்?

எழுபது வயதுக்காரர், முற்றிய கணையப் புற்றுநோய். அவரை உள்ளே அழைப்பதற்கு முன்பே மகன் வந்து, "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர், மனம் உடைந்துபோவார்" என்று கெஞ்சுகிறார். நம் ஊர் மருத்துவமனைகளில் இது அன்றாடக் காட்சி. அறவியல் படிப்பவர்களிடம் கொடுத்தால், "கான்ட் வழியில் சொல்ல வேண்டும், பயன்வாதத்தின்படி மறைக்கலாம்" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். இரண்டில் எது சரி என்று தெரியாத டாக்டர் என்ன செய்வார் என்பதல்லவா கேள்வி?

விளைவு எதுவானாலும் கடமையைச் செய் என்னும் கான்ட் வழிக் கடமைவாதத்தின் மேல் டாக்டருக்கு 40 சதவீத நம்பிக்கை என்று வைத்துக்கொள்வோம். நல்ல விளைவையே பார்க்கும் பயன்வாதத்தின் இரு வகைகள் மேல் தலா 30. அவர் முன்னுள்ள வழிகள் மூன்று: முழுவதும் சொல்வது, மறைப்பது, "உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று அவரையே கேட்டு, அந்த அளவுக்குச் சொல்வது. இந்த மூன்றாவது என் கற்பனை அல்ல. கெட்ட செய்தியை நோயாளியிடம் சொல்வதற்காக 2000-இல் வெளியான ஸ்பைக்ஸ் என்னும் ஆறு படி நெறிமுறையில் மூன்றாம் படியே இதுதான்.

அதிகம் நம்பும் கோட்பாட்டையே பின்பற்று என்கிறது ஒரு தரப்பு. கடமைவாதத்துக்கு 40, எனவே சொல்லிவிடு. ஆனால் அந்த இரு பயன்வாத வகைகளையும் ஒன்றாக எண்ணினால் 60 ஆகிவிடுகிறது. உடனே மறைக்க வேண்டியதாகிவிடும். நோயாளியும் அவர் நோயும் மாறவில்லை, நாம் எண்ணிய விதம் மட்டுமே மாறியது. இன்னொரு குறை எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. கேட்பது என்ற வழி எந்தக் கோட்பாட்டிலும் முதலிடம் பெறாது. ஆகவே இந்த முறை அதை ஒருநாளும் தேர்ந்தெடுக்காது.

ஒரு கோட்பாடு ஒவ்வொரு வழியையும் எவ்வளவு அழுத்தமாக ஆதரிக்கிறது என்பதையும் கணக்கில் எடுப்போம். கடமைவாதம் சொல்வதற்கு 10, கேட்பதற்கு 8, மறைப்பதற்கு 0 கொடுக்கட்டும். தெரிந்துகொள்ளும் உரிமையை அவரே விட்டுக்கொடுக்கலாம் என்பதால்தான் கேட்பதற்கு 8. பயன்வாதம் மறைப்பதற்கு 10, கேட்பதற்கு 7, சொல்வதற்கு 2 கொடுக்கட்டும். 40-க்கு 60 என்று எடையிட்டுக் கூட்டினால் சொல்வதற்கு 5.2, மறைப்பதற்கு 6, கேட்பதற்கு 7.4. இதே மதிப்பெண்களை வைத்துக்கொண்டால், கடமைவாதத்தின் மேல் நம்பிக்கை ஏறக்குறைய 28 முதல் 71 சதவீதத்துக்குள் எங்கிருந்தாலும் கேட்பதே வெல்லும். என்னைக் கவர்ந்தது இந்த அகலம்தான். நம்பிக்கையைத் துல்லியமாக அளக்க வேண்டியதில்லை.

ஒரு கோட்பாட்டின் 10-உம் மற்றதன் 10-உம் ஒன்றுதானா என்று யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டும். கடமைவாதி தன் மதிப்பெண்களைப் பத்தால் பெருக்கிக்கொண்டால் சொல்வதற்கு 41.2, கேட்பதற்கு 36.2 வந்து முடிவு கவிழ்கிறது. இப்படியே போனால், துளி நம்பிக்கை மட்டுமே பெற்ற கோட்பாடும் உரத்த குரலில் கத்தி எல்லாவற்றையும் ஆண்டுவிடும். வெறும் தரவரிசையை வைத்து வாக்கெண்ணும் போர்டா முறைக்குத் தாவினால் இந்தக் கத்தல் அடங்கும். முதலிடத்துக்கு 2, அடுத்ததற்கு 1 என்று கணக்கிட்டால் மறைப்பதற்கு 1.2, கேட்பதற்கு 1, சொல்வதற்கு 0.8. மறைப்பது வென்றுவிட்டது! கடமைவாதத்துக்குக் கேட்பது ஏறக்குறையச் சொல்வதற்கு நிகர், மறைப்பது மட்டுமே கொடிது என்ற செய்தி இந்த எண்ணிக்கையில் தொலைந்துபோனதே காரணம்.

தத்துவவாதிகளான மெக்காஸ்கில், பிக்விஸ்ட், ஓர்ட் மூவரும் 2020-இல் வெளியிட்ட நூலில் ஆதரிக்கும் வழி வேறு. ஒவ்வொரு கோட்பாட்டின் மதிப்பெண்களையும், அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கத்தால் வகுத்து, குரல்களைச் சமப்படுத்திவிட்டுப் பிறகு எடையிட வேண்டும். நம் கணக்கில் அப்படிச் செய்தாலும் கேட்பதே முதலில் வருகிறது. பத்தால் பெருக்கியவருக்கு அதனால் ஓர் ஆதாயமும் இல்லை. ஆனால் இந்த மூன்று வழிகளை மட்டும் வைத்துச் சமப்படுத்தினால், "இது அற்ப விஷயம்" என்று நினைக்கும் கோட்பாட்டுக்கும் இங்கே முழுக்குரல் கிடைத்துவிடும். அதனால்தான் இந்த ஒரு முடிவை மட்டும் பார்க்காமல், எடுக்கக்கூடிய எல்லா முடிவுகளையும் சேர்த்து அளக்கச் சொல்கிறார்கள். அதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

தத்துவவாதி எலிசபெத் ஹார்மன் இந்த முயற்சியையே மறுக்கிறார். உண்மையில் எது சரியோ அதைச் செய்ய வேண்டும். "எனக்கு அறத்தில் ஐயம் இருந்தது" என்பது தவறுக்குச் சாக்காகாது என்பது அவர் வாதத்தின் சாரம். குற்றம் சாட்டுவதைப் பொறுத்தவரை அது சரியாகவே இருக்கலாம். ஆனால் மகன் இன்னும் அறையில் நிற்கிறார், தந்தை வெளியே காத்திருக்கிறார். பின்னால் யாரைக் குறை சொல்லலாம் என்பதல்ல, இப்போது என்ன செய்வது என்பதே டாக்டரின் கேள்வி. "சரியானதைச் செய்" என்ற அறிவுரையை அவரால் எடுத்துப் பயன்படுத்த முடியாது. "அவரையே கேளுங்கள்" என்பதை முடியும்.