HTML ஐடியில் தமிழ் இருந்தால் லிங்க் போகாதா?

"ஐடியில் தமிழ் எழுத்து வைத்தால் லிங்க் தலைப்புக்குப் போகாது, ஆங்கிலம் மட்டும்தான்."

அது HTML 4 காலத்து விதிங்க. இப்போது ஐடி காலியாக இருக்கக் கூடாது, இடைவெளி இருக்கக் கூடாது, ஒரே பக்கத்தில் இருமுறை வரக் கூடாது, அவ்வளவுதான்.

```
<h2 id="கொள்முதல்-விதிகள்">
<a href="#கொள்முதல்-விதிகள்">
```

இது நன்றாகவே போகும். லிங்கை நகலெடுத்தால் %E0%AE என்று நீளும் என்று மேலே ஒரு நண்பர் சொன்னது சரி, ஆனால் அதனால் லிங்க் உடையாது. பிரவுசர் அதைத் திரும்ப எழுத்தாக்கித்தான் ஐடியைத் தேடுகிறது.

உங்களுக்குப் போகாததற்குக் காரணம் அநேகமாக 'கொ'. அதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒரே குறியாக ொ, அல்லது க-வுக்குப் பிறகு முதலில் ெ, அடுத்து ா என்று இரண்டு குறிகளாக. கண்ணுக்கு ஒன்றுதான், பிரவுசருக்கோ இரண்டும் வேறு வேறு சொல், அது சரிசெய்து பார்க்காது. கன்சோலில் ஐடியிலிருந்து அந்த எழுத்தை ஒட்டி `'கொ'.length` கேளுங்கள், அப்புறம் லிங்கின் href-இலிருந்து ஒட்டிக் கேளுங்கள். ஒன்றில் 2, மற்றதில் 3 வந்தால் ஆள் அகப்பட்டான். ஐடியை அப்படியே நகலெடுத்து லிங்கில் ஒட்டினால் தீர்ந்தது. எந்தக் கீபோர்டு இப்படிச் செய்தது என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

தலைப்பு மேல்பட்டைக்குக் கீழே ஒளிகிறது என்றவருக்கு: அது வேறு சிக்கல், h2-க்கு `scroll-margin-top: 80px` மாதிரி பட்டையின் உயரத்துக்கு ஏற்றபடி கொடுத்துப் பாருங்கள்.