மூன்று ரூபாயோ பத்து ரூபாயோ, பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்க

“த்ரீ இன் ஒன் காப்பி பாக்கெட்டில் இருப்பதும் காப்பித்தூள்தான், பாலும் துளி சர்க்கரையும் சேர்த்திருக்காங்க, அவ்வளவுதான்” என்று ஒரு அண்ணா எழுதியிருந்தார்.

அப்படி இல்லைங்க அண்ணா. பெரும்பாலான த்ரீ இன் ஒன்னில் அதிகம் இருப்பது சர்க்கரை. அடுத்தது கிரீமர், பல பிராண்டுகளில் அது குளுக்கோஸ் சிரப்பும் தாவரக் கொழுப்பும் கொஞ்சம் பால் புரதமும் சேர்ந்தது. காப்பி அதற்கும் பின்னால்தான் வரும். நிஜப் பால் பவுடர் போடுகிறவர்களும் உண்டு, ஆனால் எல்லோரும் இல்லை.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? பின்பக்கப் பட்டியலில் எடை அதிகமானதை முதலில் போட வேண்டும் என்பது விதி. முதல் பெயர் சர்க்கரையா, காப்பியா என்று பாருங்கள். அப்புறம் ஊட்டச்சத்துக் கட்டம். 100 கிராமுக்குச் சர்க்கரை 60 என்று போட்டிருந்தால், 15 கிராம் பாக்கெட்டில் 9 கிராம், கிட்டத்தட்ட இரண்டு டீஸ்பூன். வெறும் இன்ஸ்டன்ட் தூள் என்றால் ஒரு கப்புக்கு 2 கிராம் போதும், சர்க்கரை நம் கையில். அதிலும் சிக்கரி கலந்தது உண்டு. அந்த விகிதமும் லேபிளில் இருக்கும்.

அப்பாவுக்குச் சுகர், கொடுக்கலாமா என்று கேட்ட பொள்ளாச்சி அக்கா, அதை டாக்டரிடம் கேளுங்கள். போகும்போது பாக்கெட்டையும் எடுத்துப் போங்க.