சுகர் அரிசி வாங்கும் முன் ஆழாக்கைப் பாருங்கள்

தருமபுரியில் அரிசிக்கடைகளுக்குப் போனால் ‘சுகருக்கு நல்லது’ என்று எழுதிய மூட்டை தனியாக நிற்பதைப் பார்க்கலாம். விலை சாதாரணப் பொன்னியைவிடக் கூடுதல். வாங்கிப் போகிறவர்கள் அதே அளவு சோற்றை, அதே தண்ணிச் சாம்பாரோடு சாப்பிட்டுவிட்டு, அடுத்த மாதம் ரிசல்ட் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரிசியைத் திட்டுகிறார்கள். அரிசி ரகம் முக்கியம்தான். ஆனால் தட்டில் மற்றவை மாறாமல் ரகம் மட்டும் மாறினால் கிடைப்பது கொஞ்சம்தான் என்பது என் கருத்து. கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

கிளைசெமிக் இண்டெக்ஸ் என்பது 1981-இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு முன்வைத்த அளவுகோல். 50 கிராம் மாவுச்சத்து வரும் அளவுக்கு ஓர் உணவைச் சாப்பிடக் கொடுத்து, அடுத்த 2 மணி நேரம் ரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். குளுக்கோஸ் 100 என்று வைத்துக்கொண்டு, 55 வரை குறைவு, 70-க்கு மேல் அதிகம். இதில் கவனிக்க வேண்டியது, எல்லா உணவையும் ஒரே மாவுச்சத்து அளவில் வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். நம் வீட்டுத் தட்டில் எவ்வளவு சோறு விழுகிறது என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது.

அரிசிக்கு அரிசி இந்த எண் நிறையவே மாறுகிறது. 235 ரகங்களைப் பார்த்து 2011-இல் வெளியான பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வில் 48-லிருந்து 92 வரை வந்தது. முக்கியக் காரணம் அமைலோஸ் என்ற மாவுச்சத்து வகை. அது அதிகம் இருந்தால் செரிக்க நேரம் எடுக்கும். ஆய்வகம் இல்லாமலே ஓரளவு ஊகிக்கலாம்: மதியம் வடித்த சோறு உதிரியாக இருந்து, ராத்திரிக்குள் விறைத்துப் போனால் அமைலோஸ் கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆறிய பிறகும் மெத்தென்று ஒட்டிக்கொண்டிருந்தால் குறைவு. அடுத்து, புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயப்போடும்போது மாவுச்சத்து ஒருமுறை வெந்து மறுபடி இறுகுவதால், அதே ரகத்தின் பச்சரிசியைவிடப் பெரும்பாலும் மெதுவாகச் செரிக்கும். ஓசூர்ப் பக்கம் பச்சரிசிச் சோறு பழகியவர்கள் புழுங்கலுக்கு மாறுவதே ஒரு நல்ல முதல் படி, அதற்குத் தனிச் செலவும் இல்லை.

நிறத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். கருப்புக் கவுனியிலும் மாப்பிள்ளைச் சம்பாவிலும் தவிட்டின் சத்து இருக்கிறது, மென்று சாப்பிட வேண்டியிருப்பதால் வேகமும் குறைகிறது. ஆனால் மாவுச்சத்தின் அளவு வெள்ளை அரிசிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அதையே மிஷினில் அரைத்துக் கஞ்சி மாவாக்கிக் குடித்தால், மெதுவாகச் செரிக்கும் குணம் பெரும்பாலும் அரைவையிலேயே போய்விடும்.

இனி கணக்கு. பாலக்கோட்டில் எங்கள் பெரியப்பா தக்காளி போடுகிறவர். மதியம் ஓர் ஆழாக்கு அரிசிச் சோறு சாப்பிடுவார். ஓர் ஆழாக்கு ஏறக்குறைய 140 கிராம் அரிசி, அதில் மாவுச்சத்து 110 கிராம் அளவுக்கு வரும். அரிசியின் எண் 72 என்று வைத்துக்கொண்டால், 110-ஐ 72-ஆல் பெருக்கி நூறால் வகுத்து 79. இதைச் சர்க்கரைச் சுமை என்று எடுத்துக்கொள்ளுங்கள். எண் 57 உள்ள அரிசிக்கு மாறினால் 63. குறைந்தது உண்மை, ஆனால் ஒரே சாப்பாட்டுக்கு 63 இன்னும் அதிகம்.

இப்போது பழைய அரிசியையே வைத்துக்கொண்டு, சோற்றை அரை ஆழாக்கு ஆக்குங்கள். 55 கிராம் மாவுச்சத்து, சுமை 40. சோறு குறைந்த இடத்தில் 40 கிராம் கொள்ளை வேகவைத்துக் கடைந்து வையுங்கள். அதில் மாவுச்சத்து 23 கிராம் இருக்கும். கொள்ளின் எண்ணை 40 என்று வைத்துக்கொண்டால் சுமை 9. மொத்தம் 49. விலை கூடின அரிசி ஓர் ஆழாக்கைவிட, சாதாரண அரிசி அரை ஆழாக்கும் கொள்ளும் சேர்ந்தது குறைவாக வருகிறது, சுமார் 9 கிராம் புரதமும் கூடவே கிடைக்கிறது. இரண்டையும் செய்தால், அதாவது எண் 57 உள்ள அரிசி அரை ஆழாக்கும் கொள்ளும் என்றால், 40-க்கு வந்துவிடும். இது தோராயக் கணக்குதான். புரதமும் நாரும் சேரும்போது வயிறு காலியாகும் வேகமும் மாறும், அதை இந்தப் பெருக்கல் காட்டாது.

இங்கேதான் நம் ஊர்ச் சமையல் ஏமாற்றும். “பருப்பு சேர்த்துத்தானே சாப்பிடுறேன்” என்பார்கள். நாலு பேருக்கு ஒரு சின்னக் கைப்பிடி துவரம்பருப்பு போட்ட சாம்பாரில் ஒருவருக்கு 10 கிராம் வந்தால் அதிகம். அதில் புரதம் 2 கிராம்தான். கொள்ளு ரசமும் அப்படியே: வேகவைத்த தண்ணீரை ரசத்துக்கு எடுத்துக்கொண்டு கொள்ளை மாட்டுக்கு வைத்தால், பலன் மாட்டுக்கு. இரவே ஊறவைத்து, மறுநாள் குக்கரில் நன்றாகக் குழைய விட்டு, பூண்டு, சீரகம், மிளகாய், தக்காளி சேர்த்துக் கெட்டியாகக் கடைய வேண்டும். சீசனில் பச்சை அவரைக்கொட்டைக் குழம்பும் சரி, மொச்சைக்கொட்டையும் சரி. கொட்டை தட்டில் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதுதான் அளவு.

காய் என்றால் சோற்றின் அளவுக்குக் குறையாமல் வையுங்கள். கத்தரிக்காய், அவரைக்காய், பீன்ஸ், கீரை எது மலிவோ அது. உருளைக்கிழங்கு பொரியலைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள், அது இன்னொரு சோறு. முடிந்தால் பொரியலையும் கடைசலையும் பாதி தின்றுவிட்டுச் சோற்றில் கை வையுங்கள். காய், புரதம் முதலில், மாவு கடைசியில் என்று சாப்பிடும்போது சர்க்கரை ஏற்றம் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எங்கள் பெரியப்பாவுக்கு இதுதான் பிடிக்கவில்லை. “விருந்தாளி மாதிரி வெறும் பொரியலைத் தின்னணுமா?” என்றார். இப்போது தின்கிறார்.

எண்ணெய் விஷயத்தில் கொஞ்சம் என்றால் கொஞ்சமேதான். தாளிக்க ஒரு டீஸ்பூன் கடலை எண்ணெய், அல்லது கொஞ்சம் வேர்க்கடலைத் துவையல் போதும். கொழுப்பு வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது, மாவுச்சத்தைக் குறைப்பதில்லை. அதனால்தான் பிரியாணி சாப்பிட்ட 2 மணி நேரத்தில் எண் நல்லதாகத் தெரிந்து, நாலாவது மணி நேரத்தில் ஏறி நிற்கலாம். எண்ணெயில் பொரித்த சிப்ஸின் கிளைசெமிக் இண்டெக்ஸ் அவித்த உருளைக்கிழங்கைவிடக் குறைவாக வருவதுண்டு. அதைப் பார்த்துச் சிப்ஸ் நல்லது என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிடும் முன்பும், முதல் வாய் வைத்ததிலிருந்து 2 மணி நேரம் கழித்தும் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அரிசி, அளவு, கொள்ளு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மீட்டரே 15 சதவீதம் முன்பின் காட்டும். 200 என்றால் 170-ஆகவும் இருக்கலாம், 230-ஆகவும் இருக்கலாம். அதனால் 10, 15 புள்ளி வித்தியாசத்தைப் பார்த்து அரிசியை மாற்றாதீர்கள். அதே சாப்பாட்டை வேறு வேறு நாளில் சாப்பிட்டு, ஒரே திசையில் போகிறதா என்று பாருங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை ரொம்பவும் இறங்கிவிடலாம். வேர்த்து, கை நடுங்கினால் அதுதான். டாக்டரிடம் சொல்லி மருந்தளவைப் பார்த்த பிறகே ஆழாக்கைக் குறையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கொள்ளு, பருப்பு அளவையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.