அந்த இரண்டு பக்கங்களை வெட்டச் சொன்னவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். இறந்துபோன தாத்தாவைக் குடும்பப் படத்தில் பேத்தி சேர்க்கிறாளே, அந்தச் சிறுகதை. "நடுவில் வரும் இரண்டு பக்கத் தொழில்நுட்பத்தை வெட்டிவிட்டால் நல்ல கதை" என்றார் பேசியவர். அரங்கில் எல்லோரும் தலையாட்டினார்கள். எழுதிய பையனும் ஆட்டினான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஐயா, அந்த இரண்டு பக்கங்கள்தான் கதை. மற்றதெல்லாம் அதற்குப் போட்ட பந்தல்.

தாத்தா ஏன் பின்வரிசையில் நிற்கிறார், மூத்தவருக்கு நாற்காலி இல்லையே, ஆணாதிக்கத்தின் சரிவல்லவா இது என்று ஒருவர் நெடுநேரம் விளக்கினார். கைதட்டலும் வாங்கினார். காரணம் கதையிலேயே இருக்கிறது. கிடைத்த ஒரே நல்ல படம் ஒரு கல்யாண வீட்டில் எடுத்தது. அதில் இடுப்புக்குக் கீழே தாத்தா இல்லை. கால் இல்லாதவரை நாற்காலியில் எப்படி உட்காரவைப்பது? யாராவது ஒருவர் தோளுக்குப் பின்னால்தான் நிறுத்த முடியும். வெட்டச் சொன்ன பக்கத்தைப் படித்திருந்தால் சரிவு, வீழ்ச்சி எல்லாம் மிச்சமாகியிருக்கும்.

குடும்பப் படத்தில் வெயில் இடப்பக்கமிருந்து விழுகிறது. கல்யாண வீட்டில் வீடியோக்காரரின் விளக்கு வலப்பக்கம். பெண் என்ன செய்கிறாள்? தாத்தாவை இடவலமாகத் திருப்பிவிடுகிறாள். வெளிச்சம் பொருந்திவிட்டது. சட்டைப்பை வலது மார்புக்குப் போய்விட்டது. அதை வெட்டி இடப்பக்கம் ஒட்டுகிறாள். படத்தைப் பார்த்த ஆச்சி, "அவர் தம்பி மாதிரி அல்லவா இருக்கிறது" என்கிறாள். எந்த முகத்துக்கும் இரண்டு பாதியும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வகிடு, சற்றே தாழ்ந்த இமை, ஒரு பக்கம் கோணும் உதடு எல்லாம் இடம் மாறியதும் ஆள் மாறிவிட்டார். பேத்திக்குத் தெரியாதது ஆச்சிக்குத் தெரிகிறது. மறுபடி பழையபடி திருப்பி, ஒரு கன்னத்தைக் கருக்கி, மறு கன்னத்தை வெளுத்து, மூக்கின் நிழலைக் கையால் வரைகிறாள். ஒரே இரவு வேலை இல்லை அது.

அதற்கடுத்த இடம்தான் என்னைக் கொன்றது. பழைய படத்தை மற்றவர்களின் தலை அளவுக்குப் பெரிதாக்கியதும் தாத்தா மங்கிவிடுகிறார், அச்சுத்தாளின் புள்ளிகள் முகமெல்லாம் தெரிகின்றன. சுற்றிலும் இருப்பவர்கள் கைப்பேசியின் கூர்மையில் பளபளக்கிறார்கள். ஒட்டவைத்தது அப்பட்டமாகத் தெரிகிறது. படத்தில் பதியாத நுணுக்கத்தை எந்த வித்தையாலும் கொண்டுவர முடியாது. ஆகவே அவள் அப்பா, அம்மா, தம்பி எல்லோரையும் கொஞ்சம் மங்கலாக்கி, அதே புள்ளிகளை அவர்கள்மேலும் தூவுகிறாள். தாத்தாவுக்காகக் குடும்பமே கூர்மை இழக்கிறது. இதை வெட்டிவிட்டால் என்ன மிஞ்சும்? அழுகை மிஞ்சும். அதுதான் நமக்கு எப்போதும் கைவசம் இருக்கிறதே.

"நீ ஸ்டூடியோக்காரன், உனக்குப் பிடிக்கத்தான் செய்யும்" என்பீர்கள். ஆம், பிடிக்கும். மருத்துவர் கதையை மருத்துவர் ரசித்தால் யாரும் கேட்பதில்லை.

என் அப்பாவின் ஸ்டூடியோவுக்குக் கணவனின் அடையாள அட்டைப் படத்தோடு பெண்கள் வருவார்கள், பக்கத்தில் தன்னையும் சேர்த்துத் தரச்சொல்லி. பலருக்கும் சேர்ந்து எடுத்த படம் ஒன்றுகூட இருக்காது. அப்பா இருட்டறையில் ஒரு நெகடிவை அச்சிடும்போது தாளின் மறுபாதியை அட்டையால் மறைப்பார். பிறகு அட்டையை மாற்றி, அதே தாளில் அடுத்த நெகடிவ். நடுவில் விழும் கோட்டை மெல்லிய தூரிகையால் சாயம் தொட்டுத் தொட்டு மறைப்பார். மூச்சை அடக்கித்தான் தூரிகை வைப்பார். அந்தப் படங்கள் இன்றும் எத்தனையோ வீடுகளில் மாலையோடு தொங்குகின்றன. அடியில் அவர் பெயர் இல்லை. கல்யாண வீடுகளில் அவருக்குக் கடைசிப் பந்தி. கவிஞர் ஒருவர் வந்தால் மட்டும் முதல் பந்தி.

சரி, அதை விடுங்கள்.

"பொய்ப்படத்துக்குக் கதை துணைபோகிறது" என்றும் ஒருவர் சொன்னார். 1858இல் ஹென்றி பீச் ராபின்சன் என்ற ஆங்கிலேயர் ஐந்து நெகடிவ்களை இணைத்து, சாகக் கிடக்கும் ஒரு பெண்ணின் படத்தை உருவாக்கினார். அன்றும் முகம் சுளித்தவர்கள் உண்டு. புகைப்படக் கலைக்கு இந்தப் பொய் புதிதல்ல. அந்த வீட்டில் தாத்தா உயிரோடு இருக்கிறார் என்று யார் ஏமாந்தார்கள்? ஆச்சியா? பதில் சொல்லக்கூட எனக்கு விருப்பமில்லை.

தம்பி, நீ இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். வெட்டாதே. உன் பக்கங்களில் குறை இல்லாமலும் இல்லை. தாத்தா கண்ணாடி அணிந்திருக்கிறார். கல்யாண வீட்டு விளக்கின் வெள்ளைப் புள்ளி அந்தக் கண்ணாடியில் விழுந்திருக்கும். வாசல் வெயிலில் நிற்பவரின் கண்ணாடியில் அந்தப் புள்ளி எப்படி வரும்? அவள் அதை அழித்தாளா, அடியில் மறைந்திருந்த கண்ணை எங்கிருந்து எடுத்தாள் என்று நீ எழுதவில்லை. அதற்கு இன்னும் நான்கு வரியாவது வேண்டும்.